பூச்சியம் மணி எந்த இரவு? கடமைப் பட்டியலை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஞாயிறு பின்னேரங்களில் நான்கைந்து பிள்ளைகள் வருவார்கள். எல்லோரும் வளைகுடா நாடுகளில் ஹோட்டல் வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள். ஆங்கிலம் ஓரளவு பேசுவார்கள். கட்டில் விரிக்கவும் குளியலறை கழுவவும் பயிற்சி நிலையத்தில் பழகியிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது அவர்கள் அங்கே படிக்காத ஒன்றைத்தான்: சுவரில் ஒட்டியிருக்கும் கடமைப் பட்டியலையும், காலையில் கையில் தரும் வேலைத்தாளையும் எப்படி வாசிப்பது என்று. முதல் நாளிலேயே இந்த வரியை எழுதிக் காட்டிவிடுவேன். டோஹாவில் என் முதல் மாதத்தில் என் பெயருக்கு நேரே இருந்த வரி இது.

```
SUN 08  MON 09  TUE 10  WED 11  THU 12  FRI 13  SAT 14
0700    0700    0700    1500    1500    OFF     0000
```

ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது வேலை தொடங்கும் நேரம். ஒரு வேலை முறை எட்டு மணித்தியாலம். வெள்ளிக்கிழமை ஓய்வு, சனிக்கிழமை நள்ளிரவில் வேலை என்று நான் வாசித்தேன். அதனால் வெள்ளி இரவு ஆறுதலாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பன்னிரண்டேகால் மணிக்குத் தொலைபேசி அடித்தது. "எங்கே நிற்கிறீர்கள்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். எங்களை ஏற்றிப்போகும் பஸ் பதினொரு மணிக்கே முகாமை விட்டுப் போயிருந்தது. ஒரு நாள் சம்பளம் போயிற்று. அதைவிட, "இவனுக்கு நேரம் தெரியாது" என்ற பெயர்தான் நெடுநாள் கூடவே வந்தது.

எழுத்து வாசிக்கத் தெரியாமல் நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. நாளை எண்ணும் முறைதான் என்னைத் தவறவைத்தது. எங்களுக்கு நாள் விடியலோடு தொடங்குகிறது. பஞ்சாங்கமும் கிழமையைச் சூரிய உதயத்திலிருந்தே கணக்கிடுகிறது. "வெள்ளி இரவு ஒரு மணிக்கு வயலுக்குள் யானை வந்துவிட்டது" என்று வன்னியில் ஒருவர் சொன்னால், மணிக்கூட்டின் கணக்கில் அது சனிக்கிழமை. ஆனால் ஊரில் யாரும் அதைச் சனி என்று சொல்லமாட்டார்கள். கடமைப் பட்டியலில் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. ஆகவே சனி 14இன் பூச்சியம் மணி என்பது அந்தத் திகதியின் முதல் நொடி. நமது பேச்சில் அது வெள்ளி இரவு. நான் நினைத்த சனி இரவு, பட்டியலில் ஞாயிறு 15இன் பூச்சியம் மணியாக இருந்திருக்கும்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க விமான டிக்கெட்டை எடுத்துக்கொள்வேன். 14ஆம் திகதி அதிகாலை இரண்டு மணிக்கு விமானம் என்றால், இங்கிருந்து யாரும் 14ஆம் திகதி வெளிக்கிடுவதில்லை. 13ஆம் திகதி மத்தியானமே வாகனம் ஏ9 வீதியில் கொழும்புப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டுநாயக்கவுக்கு அவ்வளவு கவனமாகப் போய்ச் சேரும் அதே பிள்ளைதான் அங்கே போய், அதே மாதிரியான ஓர் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறது.

இதற்கு நான் கண்ட வழி, கட்டத்தில் இருக்கும் ஓர் எண்ணை மூன்றாக விரித்துத் தமிழில் எழுதிக்கொள்வது. "வெள்ளி 13, இரவு 11 பஸ். சனி 14, நள்ளிரவு தொடக்கம். சனி 14, காலை 8 முடிவு." திகதியையும் கிழமையையும் மூன்று இடத்திலும் எழுத வேண்டும். சோம்பலில் ஒன்றை விட்டால் தவறு அந்த இடத்திலேயே நுழையும். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் முறைக்கும் இதே கதைதான். வியாழன் கட்டத்தில் 2300 என்று இருந்தால், அந்த வேலை முடிவது வெள்ளி காலை ஏழு மணிக்கு. வெள்ளிக் கட்டத்தில் அது தெரியாது. அங்கே ஓய்வு என்றுகூட எழுதியிருக்கலாம்.

ஓய்வு நாளையும் கட்டத்தை வைத்து எண்ணக்கூடாது. முந்திய வேலை முடிந்த மணியிலிருந்து அடுத்த வேலை தொடங்கும் மணி வரை எண்ண வேண்டும். கட்டாரின் 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சட்டம் வாரத்தில் 24 மணித்தியாலத்துக்குக் குறையாத தொடர் ஓய்வைச் சொல்கிறது. என் வரியைப் பாருங்கள். வியாழன் மூன்று மணிக்குத் தொடங்கிய வேலை இரவு பதினொன்றுக்கு முடிந்தது. சனி பூச்சியம் மணி வரை எண்ணினால் 25 மணித்தியாலம். வெள்ளி ஓய்வைத் திருடிவிட்டார்கள் என்று அடுத்த நாள் நான் போட்ட சத்தம் முழுவதும் வீண். வியாழன் இரவு பதினொன்றுக்குத் தொடங்கி வெள்ளி காலை ஏழுக்கு முடித்திருந்தால் மிஞ்சியிருப்பது 17 மணித்தியாலம்தான். அப்போது கேட்டிருந்தால் என் பக்கம் நியாயம் இருந்திருக்கும். எண்ணிப் பார்க்காமல் கேட்பவருடைய கேள்விக்கு அடுத்த முறை காது கொடுக்கமாட்டார்கள்.

சில இடங்களில் 24 மணிக் கணக்கு இல்லாமல் ஏஎம், பிஎம் என்று போடுவார்கள். 12 ஏஎம் என்றால் நள்ளிரவு, 12 பிஎம் என்றால் நண்பகல். இதைத் தலைகீழாக நினைப்பவர்கள் ஆங்கிலேயரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் சில மேற்பார்வையாளர்கள் நள்ளிரவு என்று எழுதாமல் 2359 அல்லது 0001 என்று எழுதுகிறார்கள். இன்னொன்று, அம்மா தூங்கிவிட்டாரா என்று பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசியை இலங்கை நேரத்திலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அந்தத் தொலைபேசியில் எழுப்பும் மணியை வைத்தால், இரண்டரை மணித்தியாலம் முந்தி எழும்பி இருட்டில் குந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எழுத்துக் குறிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் படித்த குறியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏ என்ற எழுத்து ஒரு தாளில் பின்னேர முறையாகவும் இன்னொரு தாளில் வரவில்லை என்ற அடையாளமாகவும் இருக்கும். தாளின் அடியில் சிறிய எழுத்தில் விளக்கம் அச்சிட்டிருப்பார்கள், அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். ரமழான் மாதம் வரும்போது அதைத் திரும்பவும் வாசியுங்கள். கட்டாரில் அந்த மாதத்தில் வேலை நேரத்தின் உச்ச வரம்பு நாளுக்கு ஆறு மணித்தியாலமாகக் குறைகிறது. எழுத்து மாறாமலே அதன் நேரம் மாறிவிடலாம்.

வேலைத்தாள் வேறு விதமாகக் காலை வாரும். அறை சுத்தம் செய்பவருக்குக் காலையில் கிடைக்கும் தாளின் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

```
412  OCC  2/0
414  DO   1/0  late C/O 14:00
415  VD   0/0
417  DND  2/0
```

முதலில் அறை இலக்கம், பிறகு அறையின் நிலை, பிறகு எத்தனை பெரியவர்கள், எத்தனை பிள்ளைகள். 412இல் ஆள் இருக்கிறார்கள். 415 காலியாகிவிட்டது, ஆனால் சுத்தம் செய்யவில்லை. 417இல் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். சிக்கல் 414இல்தான். அந்தக் குறியை டியூ அவுட் என்று வாசிப்பார்கள். இன்று போகவேண்டியவர் என்று பொருள். போய்விட்டவர் என்று பொருள் இல்லை.

என்னோடு ஓர் அறையில் இருந்த புதுக்குடியிருப்புத் தம்பி அவுட் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார், பதில் இல்லை. விருந்தினர் கீழே காலைச் சாப்பாட்டில் இருந்தார். தம்பி உள்ளே போய்க் கட்டில் விரிப்புகளை உருவினார். மேசையிலிருந்த பாதித் தண்ணீர்ப் போத்தலையும், எண்கள் கிறுக்கியிருந்த ஒரு கடதாசியையும் குப்பையில் போட்டார். திரும்பி வந்த விருந்தினர் தேடியது அந்தக் கடதாசியைத்தான். கடைசியில் நான்கு பைக் குப்பையைக் கிளறி அதை எடுத்தோம்.

தாளை விட்டாலும் அறையே அவருக்குச் சொல்லியிருக்கும். குளியலறையில் பல்தூரிகை இருந்தது, சுவரில் சார்ஜர் செருகியிருந்தது. அவற்றில் ஒன்றைக் கண்டதுமே கையை எடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, அலுவலகத்துக்கு அழைத்து அறை காலியா என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் ஏன் அப்படி வாசித்தார் என்று பிறகு யோசித்தேன். தமிழில் வாக்கியத்தின் தீர்ப்பு கடைசியில் வருகிறது. "நாளை வயலுக்கு" என்பது வரை கேட்டால் ஒன்றும் தெரியாது. போ என்கிறாரா போகாதே என்கிறாரா என்பதை இறுதிச் சொல்தான் காட்டும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத் தொடரிலும் நமது கண் கடைசிச் சொல்லுக்கு ஓடுகிறது. ஆங்கிலத்தில் இல்லை, வேண்டாம், தவிர என்பவை முன்னாலோ நடுவிலோ நின்றுவிடும். தெரியாத சொல் ஒன்று முன்னால் நின்றால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் அந்தச் சொல்தான் மற்றதைத் திருப்புகிறது.

அதே வரியிலிருந்த 14:00ஐயும் அவர் தவறவிட்டார். 414இன் விருந்தினர் பிற்பகல் இரண்டு மணி வரை இருக்க அனுமதி வாங்கியிருந்தார். தாளின் அடியில் எல்லா அறைகளும் பை 14:00 தயாராக வேண்டும் என்று இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். பை என்ற ஆங்கிலச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் "ஆல்" என்று படித்தோம். நேரத்தோடு வந்தால் அது "க்குள்". அன்டில் என்பது "வரை". இரண்டு மணிக்குள் சுத்தம் செய், இரண்டு மணி வரை உள்ளே போகாதே: எண் ஒன்றுதான், வேலை நேர்மாறு. 414ஐப் போன்ற அறையில் இரண்டு கட்டளைகளும் மோதும்போது, வேலையைத் தொடங்குமுன் மேற்பார்வையாளரிடம் காட்டிவிட வேண்டும். அவர் அதைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்.

தாள் அச்சிட்ட நேரத்தையும் பாருங்கள். காலை ஆறரைக்கு அச்சிட்ட தாளில் 417 தொந்தரவு வேண்டாம் என்று இருக்கலாம். பதினொன்றுக்கு அந்தக் கதவில் அட்டை தொங்காமல் இருக்கலாம். மறுபக்கமாக, தாளில் ஒன்றும் இல்லாத 412இல் இப்போது அட்டை தொங்கலாம். தாளில் எப்படி இருந்தாலும், கதவில் அட்டை தொங்கினால் தட்டக்கூடாது. நேரத்தை ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பின்னேரம் "417ஐ ஏன் செய்யவில்லை" என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. "நாளை எனக்கு வேலை இல்லைத்தானே?" என்ற நமது கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால், "யெஸ்" என்ற பதிலை இரண்டு விதமாகவும் எடுக்கலாம். போன ஞாயிறு ஒரு பிள்ளையிடம் அந்த வரியைக் கொடுத்து, நான்தான் மேற்பார்வையாளர், என்னிடம் கேளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். பிறகு விரலைச் சனிக் கட்டத்தில் வைத்து, "எந்த இரவு பஸ், அண்ணா, பதின்மூன்றா பதினான்கா?" என்றார். ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வி அது. பதின்மூன்று என்றேன்.