‘வந்தேன்’ என்பதிலிருந்து ‘வந்நு’வுக்கு: மலையாள இறந்தகாலம் பிடிக்க ஒரு வழி

மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. எல்லாருக்கும் ஒரே வினை. ‘விகுதியை வெட்டினால் மலையாளம்’ என்று பலரும் சொல்லித் தருவார்கள். அந்த வழி சீக்கிரமே காலை வாரிவிடும். வந்தேனில் ‘ஏன்’ போனால் ‘வந்த்’ மிஞ்சுகிறது, சரி. பாடினேனில் வெட்டினால் ‘பாடின்’, போனேனில் ‘போன்’. இரண்டுமே மலையாளம் இல்லை.

படி 1: வினையெச்சத்தை எடுங்கள்

‘வந்து போனான்’, ‘பாடி முடித்தாள்’ என்று சொல்லும்போது முதலில் வரும் சொல் இருக்கிறதே, அதுதான் வேண்டும். வந்து, பாடி, போய், கண்டு, கேட்டு. இவைதான் ஏறக்குறைய அப்படியே மலையாளத்தின் முற்றுவினை: வந்நு, பாடி, போயி, கண்டு, கேட்டு. தமிழில் தொங்கி நிற்கிற சொல் அங்கே வாக்கியத்தை முடித்துவைக்கிறது. ‘ஞான் கண்டு’ என்றால் பேச்சு முடிந்தது, ‘கண்டு... அப்புறம்?’ என்று காத்திருக்க வேண்டாம்.

படி 2: ஒலியைத் திருத்துங்கள்

‘ந்து’ என்பது ‘ந்நு’ ஆகும்: நடந்து – நடந்நு, இருந்து – இருந்நு. இகரத்தை அடுத்த ‘த்து’ நம் பேச்சுத்தமிழில் போலவே ‘ச்சு’ ஆகும்: சிரித்து – சிரிச்சு, அடித்து – அடிச்சு. எடுத்து, கொடுத்து மாறுவதில்லை. ‘அறிந்து’ போல இகரத்தை அடுத்து வரும் ‘ந்து’ மட்டும் ‘அறிஞ்ஞு’ என்று மூக்கில் ஏறும்.

தமிழருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. வந்நு, நின்னு இரண்டையும் மலையாளத்தில் ஒரே எழுத்தால்தான் எழுதுவார்கள், உச்சரிப்பு வேறு. தமிழில் ‘வந்து’ என்றிருந்தால் நாக்கு பல்லைத் தொடும் ந. ‘நின்று’, ‘கொன்று’ என்றிருந்தால் ன. மற்ற மொழிக்காரர்கள் மனப்பாடம் செய்வதை நீங்கள் தமிழை வைத்தே ஊகித்துவிடலாம்.

முற்றாக வரும்போது கடைசி உகரத்தை இதழ் குவித்து முழுசாகச் சொல்லுங்கள். தமிழ் ‘வந்து’வில் போலக் குறுக்கினால் அங்கேயும் அது எச்சமாகிவிடும்.

படி 3: எழுவாயைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

வழுக்கும் இடம் இதுதான். இந்தத் தமிழைப் பாருங்கள்:

அம்மா நேற்று வந்தார். பாட்டுக் கேட்டேன். சிரித்தார்.

மூன்று வாக்கியம், எழுவாய் ஒரு தடவைதான். ஆனாலும் யார் பாட்டுக் கேட்டது, யார் சிரித்தது என்று குழப்பமே இல்லை. ஏன், ஆர் என்ற விகுதிகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இப்போது முதல் இரண்டு படிகளை மட்டும் செய்தால்:

இன்னலெ அம்ம வந்நு. பாட்டு கேட்டு. சிரிச்சு.

இலக்கணம் சரி. ஆனால் கேட்பவருக்குப் பாட்டுக் கேட்டதும் அம்மாதான்! ஆகவே:

இன்னலெ அம்ம வந்நு. ஞான் பாட்டு கேட்டு. அம்ம சிரிச்சு.

ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெயரையோ ஞான், அவள், அவர் போன்ற சொல்லையோ வைத்தே ஆகவேண்டும். ஆள் மாறாதவரை விட்டுவிடலாம். ‘வந்நோ?’ என்று உங்களைக் கேட்டால் ‘வந்நு’ என்றாலே போதும்.

மரியாதையும் இப்படித்தான். தமிழில் வந்தான், வந்தார் என்று வினையிலேயே தெரியும். அங்கே அவன், அவர், அத்தேஹம் என்ற சொல்தான் அதைச் சுமக்கிறது. வினைக்கு அதில் வேலையில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு

மலையாளிக்குப் பாதை தலைகீழ். உகரத்தில் முடிந்தால் உகரத்தை எடுத்துவிட்டு விகுதி: வந்நு – வந்து – வந்தேன், வந்தாள், வந்தாங்க. இகரத்தில் முடிந்தால் நடுவில் ஒரு ‘ன்’ வேண்டும்: பாடி – பாடினேன், ஓடி – ஓடினாள். ‘போயி’யோ ‘போனேன்’ என்று தனியாக நிற்கும். அஃறிணை ஒருமையில் பாடியது, ஓடியது. அங்கே ன் இல்லை.

எல்லா இடத்திலும் விகுதி ஒட்டவும் கூடாது. தமிழிலும் ‘வரவில்லை’ எல்லாருக்கும் ஒன்றுதான். ‘நான் வரவில்லை, அவள் வரவில்லை’. மலையாள ‘வந்நில்ல’வுக்கு நேர் இணை அது. ஆனால் ‘வரமாட்டேன், வரமாட்டாள்’ என்று விகுதி வந்துவிடும்.

எதிர்காலத்தில் ‘ஞான் வரும்’ என்று மலையாளி சொன்னால் தமிழ்க் காதுக்கு ஏதோ ஆடோ பஸ்ஸோ வருவதுபோலக் கேட்கும். மலையாளத்தில் ‘வரும்’ எல்லாருக்கும் பொது. தமிழில் அந்த ‘உம்’ முற்று தன்மைக்கும் முன்னிலைக்கும் ஆகாது, படர்க்கையில் பலர்பாலுக்கும் ஆகாது என்பது நன்னூல் காலத்திலேயே விதி. இன்றைய பேச்சில் அது அஃறிணையோடு சுருங்கிவிட்டது. எனவே ‘நான் வருவேன்’, ‘அவர் வருவார்’, ‘பஸ் வரும்’.

மலையாளத்துக்கும் ஒருகாலத்தில் விகுதி இருந்தது. பழைய பாட்டுகளில் ‘ஆன்’ விகுதி ஒட்டிய வினைகளை இன்றும் பார்க்கலாம். மலையாள இலக்கண அறிஞர் ஏ. ஆர். ராஜராஜ வர்மா ‘கேரளபாணினீயம்’ என்ற தம் இலக்கண நூலில் இந்த இழப்புக்கு ‘புருஷபேத நிராசம்’ என்று பெயர் வைத்து, தமிழிலிருந்து மலையாளம் விலகிய ஆறு வழிகளில் ஒன்றாகச் சேர்த்தார்.