ஆத்தங்குடி கல்லில் வழுக்கிய யோகா மேட்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு ஆத்தங்குடி கல் தரை. முழங்கால் வலிக்குமே என்று 10 மி.மீ. நுரை மேட் வாங்கினேன். முழங்காலுக்குச் சுகம்தான். ஆனால் விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்றால் பாதம் உள்ளே அமுங்கி, கணுக்கால் ஆடியது.

அப்புறம் 5 மி.மீ. இயற்கை ரப்பர் மேட்டுக்கு மாறினேன். கடையிலேயே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அடிவரை அமுங்கவில்லை. உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் கை வழுக்கவில்லை. சரி என்று வாங்கி வந்தால், இரண்டே நாளில் மேட்டே தரையில் நகர்ந்தது!

காரணம் அப்பத்தா. கல் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். எண்ணெய் பட்டால் ரப்பரும் ஊறிக் கெடும். இப்போது மேட் விரிக்கும் இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுகிறேன், அப்பத்தா முணுமுணுத்தாலும். முழங்காலுக்கு ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.