பெரியவர்கள் நிறைய வரும் விழாவுக்கு மண்டபத்தைத் தயார் செய்வது எப்படி

போன மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம் நடத்தினோம். வந்த 140 பேரில் 40 பேருக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். நாலு வீல்சேர், ஒன்பது வாக்கர். மண்டபம் பிடிப்பது, ஐயரைப் பேசுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் உள்ள அந்த ஐம்பது அடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வாசற்படி

நான் சறுக்கியது இங்கேதான். போனில் கேட்டபோது "ராம்ப் இருக்கு சார்" என்றார்கள், நம்பி முன்பணம் கொடுத்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தால் அது சமையல் பாத்திரமும் சிலிண்டரும் ஏற்றுவதற்குப் பின்பக்கம் போட்ட சரிவு. ஆள் இல்லாத வீல்சேரைத் தள்ளிப் பார்த்தேன், அதற்கே மூச்சு வாங்கியது.

கணக்கு எளிது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் சரிவு வேண்டும். முன்வாசலில் மூன்று படி, படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் 18 அங்குலம். அப்படியென்றால் 18 அடி நீள ராம்ப். போர்ட்டிகோவில் அதற்கு இடமே இல்லை. வாடகைக்குக் கிடைத்த ராம்ப் ஆறு அடிதான், அதை வைத்தால் மலை ஏறுவது மாதிரி இருக்கும்.

அப்புறம் மண்டபத்தைச் சுற்றி வந்தபோது பக்கவாசல் கண்ணில் பட்டது. ஒரே படி, ஐந்து அங்குலம். பந்தல் போடுகிற ஆசாரியிடம் சொல்லி ஐந்து அடி நீளம், மூன்று அடி அகலத்தில் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒன்று அடித்து வாங்கினேன், அடியில் நாலு சட்டம் கொடுத்து. இரண்டு ஓரத்திலும் ரீப்பர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வெளியே இறங்கிவிடும். தரையைத் தொடும் முனையைச் சீவச் சொல்லுங்கள். பலகையின் கனம் முக்கால் அங்குலம்கூட இல்லையே என்று விட்டால், முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம் அதில் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். இறக்கும்போது வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்குங்கள்.

கதவையும் அளந்துவிடுங்கள். எங்கள் வீல்சேர் 25 அங்குலம். இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்ததால் கிடைத்தது 24. மற்ற கதவின் டவர் போல்ட்டைக் கழற்ற வாட்ச்மேன் அரை மணி நேரம் எண்ணெய் விட்டார்! முந்தின நாளே செய்ததால் தப்பித்தோம்.

கார் வந்து நிற்கும்போது

காலில் வலி உள்ள ஒருவர் காரிலிருந்து இறங்கி நிமிர நாலு ஐந்து நிமிடம் ஆகும். போர்ட்டிகோவில் ஒரு கார்தான் நிற்கும் என்றால் பின்னால் வரிசை கட்டிவிடும். அதனால் பெரியவர்கள் வரும் காரைப் பக்கவாசலுக்கு வரச்சொல்லி முந்தின நாளே போன் பண்ணிச் சொன்னோம். அங்கே இரண்டு பையன்கள், ஒரு காலி வீல்சேர், செருப்பு கழற்ற உட்காரக் கை வைத்த நாற்காலி இரண்டு. பன்னீர் தெளிப்பதை அந்த வாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிரானைட் தரையில் ஈரம் பட்டால் வழுக்கும். சிவப்புக் கம்பளமும் வேண்டாம், அதன் ஓரம் சுருண்டால் வாக்கர் கால் மாட்டும்.

உட்காரும் இடம்

வீல்சேர்காரர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள், எனக்கு அதில் கோபமே வரும். இரண்டாவது, மூன்றாவது வரிசையின் நடைபாதை ஓரத்தில் இடம் விடுங்கள். ஒரு நாற்காலியை எடுத்தால் போதாது, இரண்டை எடுங்கள். நடுப்பாதை நாலு அடி இருந்தால்தான் வாக்கரோடு ஒருவர் பக்கத்தில் பிடித்து நடக்க முடியும். கை இல்லாத நாற்காலியும் சாட்டின் உறை போட்டதும் இவர்களுக்கு ஆகாது. ஊன்றி எழ ஒன்றும் இருக்காது, உறை வழுக்கும்.

மேடை ஏறி ஆசீர்வாதம் செய்வது நடக்காத காரியம். அப்பாவும் அம்மாவும் கீழே இறங்கி வந்து அந்த வரிசையில் நமஸ்காரம் செய்தார்கள். ஒரு பாட்டி அம்மாவின் கையை விடவேயில்லை. பந்தியிலும் அப்படித்தான், வரிசையின் முனையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு வீல்சேரை அப்படியே நிறுத்தினோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தன் மாமனாரின் வாக்கரை யாரோ உதவி என்று நினைத்து ஓரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், அவர் பாத்ரூம் போக எழுந்திருக்க முடியாமல் தவித்தார் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டு விழாவிலும் அதுதான் நடந்தது, சொல்ல மறந்துவிட்டேன். ஒன்பதும் ஒரே மாதிரி அலுமினியம், மூலையில் குவித்ததில் இரண்டு பேர் உயரம் வேறான வாக்கரை மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பெயர் எழுதி ஒட்டுங்கள். மடக்கி அவரவர் கைக்கு எட்டும் இடத்திலேயே வையுங்கள், எடுக்காதே என்று பையன்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.