சர்வர் அறையில் இரண்டு ஏசி: டைமரும் அலாரமும் இணைப்பது எப்படி?

எட்டுக்குப் பத்தடி அறை, ஒரு ரேக், சுமார் 2 கிலோவாட் வெப்பம். இதற்கு 1.5 டன் ஏசி ஒன்றே போதும், இரண்டாவது மாற்றுக்கு. பலரும் டைமர் வைத்து முறை மாற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். டைமருக்கு நேரம்தான் தெரியும். முறை வந்த ஏசியில் கேஸ் இறங்கியிருந்தால், மறுநாள்வரை அது வெறும் காற்றைத்தான் ஊதும். அதனால் வெப்பநிலையைப் பார்த்து இன்னொன்றையும் ஓடவைக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

1. முதல் சோதனை. இது இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஸ்பிளிட் ஏசிக்கான முறை. ரிமோட்டில் 24 டிகிரி வைத்து ஓடவிட்டு, எம்சிபியை இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து ஏற்றுங்கள். தானாக ஓடத் தொடங்காத ஏசி இதற்கு உதவாது.

2. டைமர். ஒவ்வொரு ஏசிக்கும் 230 வோல்ட் காயில் உள்ள 25 ஆம்பியர் இரட்டை முனைக் கான்டாக்டர் ஒன்று; காயிலுக்கு ஃபேஸ் வந்தால் அது ஏசிக்கு மின்சாரம் தரும். வாராந்திர டிஜிட்டல் டைமர் ஆனில் இருக்கும்போது இணையும் என்ஓ முனையிலிருந்து முதல் கான்டாக்டர் காயிலுக்கும், ஆஃபில் இணையும் என்சி முனையிலிருந்து இரண்டாவதற்கும் வயர் போகும். திங்கள், புதன், வெள்ளி காலை 10 மணிக்கு ஆன். செவ்வாய், வியாழன், சனி 10 மணிக்கு ஆஃப். இரவில் மாற்றாதீர்கள். ஓய்விலிருந்த ஏசி கிளம்பாவிட்டால் ஆள் இருக்கும் நேரத்தில் தெரியவேண்டும்.

3. வெப்பநிலைக் காவல். எஸ்டிசி-1000 கன்ட்ரோலரின் கூலிங் முனையில், மூன்று சேஞ்ச்ஓவர் உள்ள 11 முள் ரிலேயை இணையுங்கள். F1 இலக்கு வெப்பநிலை, F2 அதற்கு மேல் விடும் வித்தியாசம், F3 நிமிடக் கணக்கில் தாமதம். அமைப்பு:

```
F1 = 22
F2 = 6.0
F3 = 1
```

22 + 6 = 28 டிகிரியைத் தொட்டதும் ரிலே இழுக்கும்; 22-க்கு இறங்கினால்தான் விடும். ஏசி 24-லேயே நின்றுவிடுவதால் அது இறங்காது. ஆகவே கன்ட்ரோலரை ஒருவர் அணைத்துப் போடும்வரை இரண்டு ஏசியும் அலாரமும் தொடரும். F1-ஐ 26, F2-ஐ 2 என்று வைத்தால் 28-ல் இழுத்து 26-லேயே விட்டுவிடும்; துணை ஏசி சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று கிளம்பி, கம்ப்ரஸர் கெடும்.

ரிலேயின் முதல் என்ஓ ஒரு காயிலுக்கு, இரண்டாவது மற்றதற்கு, மூன்றாவது ஹூட்டருக்கு. இரண்டு காயில்களையும் ஒரே என்ஓவில் சேர்ப்பதுதான் வழக்கமான தவறு. சேர்த்தால் டைமர் தரும் ஃபேஸ் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாய்ந்து, எப்போதும் இரண்டுமே ஓடும்.

டைமர், கன்ட்ரோலர், காயில்கள், ஹூட்டர் எல்லாவற்றுக்கும் ஃபேஸும் நியூட்ரலும் யுபிஎஸ்ஸிலிருந்தே வரட்டும். ஏசி மட்டும் மெயின்ஸில். கரன்ட் போய் அறை சூடானாலும் அலாரம் அடிக்கும். ஹூட்டர் காவலாளி இருக்குமிடத்தில் இருக்கவேண்டும். பூட்டிய அறைக்குள் அடித்துப் பயனில்லை. மெயின்ஸ் வயரிங்கை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

4. சென்சார். ரேக் காற்றை இழுக்கும் முன்பக்கம், நெஞ்சளவு உயரத்தில் கட்டுங்கள். ஏசி காற்று நேராகப் பட்டால் அறை கொதித்தாலும் 20 டிகிரிதான் காட்டும்.

மாதம் ஒருமுறை சென்சார் நுனியை 35 டிகிரி வெந்நீரில் பிடியுங்கள். சற்று நேரத்தில் ஹூட்டர் அடித்து, நின்றிருந்த ஏசியும் குளிர்ந்த காற்று தரவேண்டும். காற்று மட்டும் வந்து குளிர்ச்சி வராவிட்டால், அவுட்டோர் யூனிட்டின் கெப்பாசிட்டரை முதலில் பாருங்கள்.