வாங்கும் முன் மதிய வெயிலில் ஓட்டிப் பாருங்கள்

'பிளாக் மித்: வூகோங்' கேமை வாங்குமுன், உங்கள் கணினி அதைத் தாங்குமா என்று பார்க்க ஸ்டீமில் இலவசமாகக் கிடைக்கும் Black Myth: Wukong Benchmark Tool-ஐ இறக்குங்கள். முதல்முறை ஷேடர் கம்பைல் முடியும்வரை பொறுங்கள். Frame Generation-ஐ கட்டாயம் அணையுங்கள். இடையில் ஃபிரேம்களைச் செருகி எண்ணைத்தான் கூட்டும், பட்டனை அழுத்தினால் கேமின் நாயகனான குரங்கு வேகமாகத் திரும்பாது.

நொடிக்குச் சராசரி 62 ஃபிரேம், குறைந்தபட்சம் 31 என்று வருகிறதா? மறுபடி ஓட்டியும் 31-க்கே விழுந்தால் அதையே நம்புங்கள். இந்தச் சோதனையில் கேமரா காட்டுக்குள் நகர்கிறதே தவிர, சண்டை கிடையாது.

வியாசர்பாடியில் ஏசி இல்லாத மொட்டைமாடி அறையா? மதியம் இரண்டு மணிக்கு மூன்று முறை தொடர்ந்து ஓட்டுங்கள். மூன்றாவதில் சராசரி 50-க்குச் சரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டு சூடாகி வேகத்தைக் குறைக்கிறது என்று சந்தேகப்படலாம். புது கார்டு தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புமுன் ஃபேனில் படிந்த தூசியைத் துடைத்து, திரும்ப ஓட்டுங்கள்.