ஈரச் சாலையின் கூச்சமும் கூலிங் கிளாஸும்: கோணத்தில் நாம் செய்யும் தவறுகள்

மழை விட்டதும் பளிச்சென்று வெயில் அடித்தால் தார்ச்சாலை கண்ணாடிபோல் ஆகிவிடும். காய்ந்த தாரின் மேடுபள்ளங்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். அந்தப் பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியதும் எதிரொளி ஒரே திசையில் திரண்டு கண்ணைக் குத்துகிறது. 'போலரைஸ்டு' கூலிங் கிளாஸ் இதைக் குறைக்கும் என்பது உண்மைதான். எங்கே, எவ்வளவு குறைக்கும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

முதல் தவறு கோணத்தை அளப்பதிலேயே தொடங்குகிறது. 1808-இல் பாரீசின் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டு வந்த அந்தி வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்த பிரெஞ்சு இயற்பியலாளர் மாலூஸ், எதிரொளித்த ஒளி தளவிளைவு அடைந்திருப்பதை, அதாவது 'போலரைஸ்டு' ஆகி ஒரே தளத்தில் அதிர்வதைக் கண்டார். எதிரொளி எந்தக் கோணத்தில் முழுதாகத் தளவிளைவு அடையும் என்ற விதியை 1815-இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் புரூஸ்டர் கொடுத்தார்: tan i = n. இதில் i என்பது ஒளி பரப்பில் விழும் படுகோணம், n அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண். கண்ணாடிக்கு n = 1.5 என்றால் கோணம் சுமார் 56°; தண்ணீருக்கு n = 1.33, கோணம் 53°. இது பரப்புக்கு வரைந்த செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்க வேண்டிய கோணம். கண்ணாடிப் பரப்பிலிருந்து பார்த்தால் 34° மட்டுமே. மாணவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அந்தக் கோணத்தில் நடப்பது இதுதான். எதிரொளித்த கதிரும் உள்ளே போன விலகுகதிரும் ஒன்றுக்கொன்று 90°-இல் நிற்கின்றன. கண்ணாடிக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் விலகுகதிருக்குக் குறுக்காக அதிர்கின்றன. அவற்றில், விழும் கதிரும் பரப்பின் செங்குத்துக் கோடும் சேர்ந்த படுதளத்துக்குள் அதிர்பவை, சரியாக எதிரொளிக் கதிர் போக வேண்டிய திசையிலேயே அதிர வேண்டியிருக்கிறது. தான் அதிரும் திசையில் எந்த எலக்ட்ரானும் ஒளியை வீசாது. அதனால் அந்தப் பகுதி எதிரொளியில் இல்லாமல் போகிறது. பரப்புக்கு இணையாக அதிரும் ஒளி மட்டும் திரும்பி வருகிறது.

இங்கேதான் அடுத்த தவறு: உள்ளே போன ஒளியும் அதேபோல முழுதாகப் பிரிந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். 100 பங்கு ஒளி விழுந்தால் சுமார் 7 பங்குதான் எதிரொளிக்கிறது. உள்ளே போகும் 93-இல் படுதளத்துக்குள் அதிர்வது 50, பரப்புக்கு இணையாக அதிர்வது 43. ஆகவே அது கொஞ்சமாகத்தான் தளவிளைவு அடைந்த ஒளி.

இப்போது சாலைக்கு வருவோம். ஸ்கூட்டரில் போகும் ஒருவரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 53° கோணத்தில் ஒளி வந்து சேரும் இடம் 1.5 × 1.33, அதாவது 2 மீட்டர் முன்னால்; கிட்டத்தட்ட முன்சக்கரத்தின் அருகே! கிடைமட்ட அதிர்வைத் தடுக்கும் கிளாஸ் அந்த இடத்தின் கூச்சத்தைத்தான் முழுதாக அடக்கும். 5 மீட்டர் முன்னால் பார்த்தால் படுகோணம் 73° ஆகிவிடும். அங்கே எதிரொளியில் கிளாஸ் தடுக்கக்கூடிய கிடைமட்டப் பகுதி சுமார் 77 சதவீதம். 12 மீட்டருக்கு அப்பால் அது 60 சதவீதத்தை நெருங்குகிறது. சாதாரண ஒளியிலேயே அது 50 சதவீதம் என்பதால், அவ்வளவு தூரத்தில் போலரைஸ்டு கிளாஸ் வெறும் கருப்புக் கண்ணாடியைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இதனால்தான் சூரியனின் உயரம் முக்கியமாகிறது. அது அடிவானத்திலிருந்து 37° உயரத்தில் நிற்கும்போது அதன் பிம்பம் 2 மீட்டரில் விழும், கிளாஸ் நன்றாக உதவும். மாலையில் 7°-க்கு இறங்கிவிட்டால் பிம்பம் 12 மீட்டர் தள்ளிப் போய்விடும். அந்த நேரத்தில் 'கண்ணாடி போட்டிருக்கிறேனே' என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் போவது ஆபத்து.

கடைகளின் ஷோகேஸ் கண்ணாடியும் இன்னொரு பொறி. அது செங்குத்தாக நிற்பதால், பக்கவாட்டில் பட்டு வரும் எதிரொளி செங்குத்தாக அதிர்கிறது. சாலைக்காகக் கிடைமட்ட அதிர்வைத் தடுக்கும்படி செய்த கிளாஸ் அதைத் தாராளமாக உள்ளே விடும். முன்னால் போகும் வண்டியின் குரோமியத் தகட்டிலிருந்து வரும் மின்னலும் அப்படியே கடந்து வரும். உலோகத்தில் இந்தக் கோணம் கண்ணாடியில்போல வேலை செய்வதில்லை.

கருமையைப் பார்த்து வாங்குவதும் தவறு. கருமைக்கும் தளவிளைவுக்கும் சம்பந்தமில்லை. கடையிலேயே சோதிக்கலாம்: பளபளப்பான டைல்ஸ் தரையில் ஏழடி தள்ளி மின்விளக்கின் பிம்பம் தெரியும் இடத்தில் நின்று, கிளாஸைக் கையில் பிடித்து அதன் வழியே பாருங்கள். பிறகு அதை மெதுவாக 90° திருப்புங்கள். நேராகப் பிடித்தபோது மங்கியிருந்த பிம்பம் திருப்பியதும் பளிச்சிட்டால் அது போலரைஸ்டுதான். எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு மங்கல் என்றால் உங்கள் கையில் இருப்பது சாயம் பூசிய கண்ணாடி.