வீட்டு நூலகம்: தட்டின் ஆழம் கூடினால் வெளிச்சம் குறையும்

புத்தகத்தை அளக்காமல் அலமாரிக்கு அளவு சொல்வதுதான் வீட்டு நூலகத்தில் நடக்கும் முதல் தவறு. "சுவர் முழுக்க ஷெல்ஃப் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் ஆசாரி கைப்பழக்கத்தில் 15, 16 அங்குல ஆழம் வைத்துவிடுவார். துணிக்கும் பாத்திரத்துக்கும் சரியான அளவுதான் அது. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி: அகலம் 14 செ.மீ., உயரம் 21.5 செ.மீ. கிரவுன் அளவு இன்னும் சிறியது. 40 செ.மீ. தட்டில் டெம்மி போக மிஞ்சும் 26 செ.மீ. வெகுநாள் காலியாகக் கிடக்காது. முன்னால் இரண்டாவது வரிசை வந்து உட்காரும். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது மறந்துபோகும், அங்கே கரையான் ஏறினாலும் முன்வரிசையைத் தொடும்வரை தெரியாது.

24 செ.மீ. ஆழம் போதும். 21 செ.மீ. அகலமுள்ள ஏ4 அளவுப் புத்தகமும் அதில் நிற்கும். சிக்கனமும் இதில்தான். 8×4 அடி ப்ளைவுட்டை நீளவாக்கில் அறுத்தால் 24 செ.மீ. பலகை ஐந்து கிடைக்கும், 40 செ.மீ. என்றால் மூன்றுதான்.

ஆழம் வெளிச்சத்தையும் கெடுக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு கணக்கு பாருங்கள். கூரை விளக்கு தரையிலிருந்து 290 செ.மீ. உயரத்தில், அலமாரி முகப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. 137 செ.மீ. உயரத்தில் உள்ள தட்டின் விளிம்பைத் தாண்டி வரும் ஒளி, உள்ளே போகும் ஒவ்வொரு செ.மீ.க்கும் இரண்டரை செ.மீ. கீழே இறங்கும். அதற்குக் கீழ்த்தட்டில் புத்தகம் விளிம்பிலிருந்து 26 செ.மீ. உள்ளே நின்றால் மேல்தட்டின் நிழல் 65 செ.மீ. நீளும். தட்டுகளுக்கு நடுவே இடைவெளியே 25 செ.மீ.தான், முதுகில் உள்ள ஒரு தலைப்பும் தெரியாது. அதே புத்தகம் விளிம்பிலிருந்து 2 செ.மீ. மட்டும் உள்ளே இருந்தால் நிழல் 5 செ.மீ. அதில் மூன்றரை செ.மீ. புத்தகத்துக்கு மேலுள்ள வெற்றிடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆகவே 24 செ.மீ. தட்டிலும் புத்தகத்தைச் சுவர்வரை தள்ளக் கூடாது. முன்விளிம்பிலிருந்து 16 செ.மீ. தூரத்தில் ஓர் அங்குல ரீப்பர் அடித்துவிட்டால் புத்தகம் அங்கேயே நிற்கும். பின்னால் காற்றும் போகும். ஏ4 புத்தகங்களுக்கு 33 செ.மீ. உயரத்தில் கீழ்த்தட்டை ஒதுக்கி, அதில் மட்டும் ரீப்பரை விட்டுவிடலாம்.

விளக்கின் இடத்திலும் இருவகைத் தவறு உண்டு. அறை நடுவில் ஒரே விளக்கு என்றால் புத்தகம் தேடுபவரின் நிழலே அலமாரியில் விழும். ஃபால்ஸ் சீலிங்கில் முகப்பை ஒட்டி, 20 செ.மீ.க்குள் ஸ்பாட் லைட் பதித்தால் மேல்தட்டு மட்டும் பளிச்சென்றிருக்கும். கீழே நிழல் மூன்று மடங்கு நீளும். அலமாரிக்கு இணையாக 60 செ.மீ. தள்ளி ஒரு வரிசை, புத்தகங்களை நோக்கிச் சாய்த்து வைப்பதே சரி. தட்டுக்குள் எல்.இ.டி. பட்டை ஒட்டுவதானால் முன்விளிம்பின் அடியில், உள்நோக்கி ஒட்டுங்கள். பின்னால் ஒட்டினால் கடை அலங்காரம் போல இருக்கும், தலைப்பு மட்டும் படிக்க வராது.

பலகை தொய்வது அடுத்த சிக்கல். ஒரு மீட்டர் புத்தகம் ஏறக்குறைய 25 கிலோ. 18 மி.மீ. ப்ளைவுட்டுக்கு இரண்டு தாங்கிகளுக்கு நடுவே இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். மூன்றடியாக்கினால் தொய்வு இரண்டு மடங்காகும்; நான்கடி என்றால் ஆறரை மடங்கு. பார்ட்டிகிள் போர்டு இன்னும் மோசம். ஒருமுறை வளைந்தால் நிமிராது. 10 அடிச் சுவரில் 73 செ.மீ. அகலத்தில் நான்கு பத்தி, ஏழு தட்டு வைத்தால் 20 மீட்டர் கிடைக்கும். புத்தகத்துக்குச் சராசரி 2 செ.மீ. தடிமன் என்றால் 1,000 புத்தகம். 2,000 இருந்தால் எதிரெதிர்ச் சுவர் இரண்டு வேண்டும்; இனி வாங்கப்போவதற்கு இடம் தனி. நேர்வெயில் விழும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள், அட்டை வெளுத்துப்போகும்.

வாசிக்கும் நாற்காலிக்குக் கூரை விளக்கு போதாது. 9 வாட் பல்பு இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து புத்தகப் பக்கத்தின்மேல் 50 லக்ஸ் வெளிச்சம் தந்தாலே அதிகம். வாசிக்க 300 முதல் 500 வேண்டும். அதே பல்பை மூடாக்கு உள்ள நிற்கும் விளக்கில் பொருத்தி, புத்தகத்திலிருந்து 60 செ.மீ. அருகில், தோளுக்குப் பின்னால் ஒரு பக்கமாக வைத்தால் 300ஐத் தொடும். மூடாக்கின் கீழ்விளிம்பு உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில், தரையிலிருந்து சுமார் 110 செ.மீ.யில் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் பல்பு கண்ணில் குத்தும். வாங்கும்போதே எரியவிட்டு செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்தப் பல்பு துடிக்கிறது, வேறு கேளுங்கள்.